கல்சியம் ஏறிய பத்து நிமிடம்

பேபி கொலோன் என்ற சாமானை இந்த நாட்டில் தடை செய்தால் முதல் ஆளாகப் போய் பட்டாசு கொளுத்துவேன். பிள்ளை பிறந்து உடம்பு காயவில்லை, அதற்குள் ஒரு போத்தலைத் திறந்து தலை, கழுத்து, நெஞ்சு என்று அபிஷேகம் செய்துவிடுவார்கள். அதற்கு மேலே பவுடர். பவுடர் நனைந்து பிசுபிசுத்தால் அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் பவுடர். இதயத் துடிப்பைப் பார்க்கிற ஸ்டிக்கரை அந்த நெஞ்சில் ஒட்டுவதற்கு நாங்கள் படுகிற பாடு ஒருத்தருக்கும் தெரியாது.

கண்டி டவுனிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியில், பேபி யூனிட்டில் நான் டொக்டர். தெல்தோட்டைப் பக்கம் தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஆட்களுக்கு நான் ஏசினால் கோபம் வராது, எங்கள் வீட்டுப் பிள்ளைதானே ஏசுகிறது என்று சிரிப்பார்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் தரும். சிரிக்கிறவர்கள் யாரும் சொன்னதைக் கேட்பதில்லை.

அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தாய்மார் வார்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தபோதே கொலோன் வாசம் முன்னால் வந்தது. பிறந்து இரண்டாம் நாள். நான்கு கிலோ. தாய் கலஹாப் பக்கத்தில் நேர்சரியில் படிப்பிக்கிற பெண். கர்ப்பத்தில் சீனி வியாதி வந்து, கடைசியில் சிசேரியன் செய்து எடுத்த பிள்ளை. வார்டில் வந்தவர் போனவர் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளி, என்ன கொழுகொழுவென்று இருக்கிறான் என்று கொஞ்சியிருக்கிறார்கள். சீனி உள்ள தாயின் பிள்ளை பெரிதாகப் பிறந்தால் அது ஆரோக்கியம் இல்லை, கவனமாகப் பார்க்க வேண்டிய பிள்ளை. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

காலையிலிருந்தே கைகால் நடுங்கியிருக்கிறது. குளிர் என்று சொல்லி இரண்டு கம்பளித் தொப்பி போட்டு, மூன்று துவாயில் சுற்றி வைத்திருந்தார்கள். நான் துவாயை அவிழ்த்துவிட்டு நடுங்கிய இடது காலை மெதுவாகப் பிடித்தேன். வெறும் நடுக்கம் என்றால் பிடித்தவுடன் நிற்கும். இது நிற்கவில்லை. என் உள்ளங்கைக்குள்ளேயே விட்டு விட்டு உதைத்தது. கண் ஒரு பக்கமாகச் செருகியது. குளிரும் இல்லை, கொழுப்பும் இல்லை, இது வலிப்பு.

இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டதோ என்று முதலில் பார்த்தோம். அது சரியாகவே இருந்தது. பிறகு கல்சியத்தைப் பார்த்தோம். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து எங்கள் தாதி, "அனே!" என்று மட்டும் சொன்னாள். அவள் சிங்களப் பெண், வருடக்கணக்கில் என்னோடு வேலை செய்கிறவள், லேசில் வாய் திறக்காதவள். அவ்வளவு குறைவு. அப்படியே விட்டால் வலிப்பு அடுத்தடுத்து வரும், மூச்சு நிற்கும். உடனே கொடுக்க வேண்டும்.

கொடுக்க வேண்டியது கல்சியம் குளுக்கோனேட். அதை உடனே கொடுக்க வேண்டும், ஆனால் அவசரமாகக் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தைச் சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "பிள்ள துடிக்குது, ஊசிய சட்டுனு போட்டு முடிங்களேன் டொக்டர்" என்பார்கள். சட்டென்று போட்டால் பிள்ளையின் இதயமும் சட்டென்று நின்றுவிடும் அம்மா என்று எந்த வாயால் சொல்வது? பத்து வீதக் கரைசலில், கிலோவுக்கு இரண்டு மில்லி. நான்கு கிலோவுக்கு எட்டு மில்லி. அதே அளவு ஐந்து வீத டெக்ஸ்ட்ரோஸ் கலந்தால் பதினாறு. அந்தப் பதினாறையும் பத்து நிமிடம் எடுத்து, நரம்புக்குள் மெல்ல மெல்ல விட வேண்டும். விடுகிற நேரம் முழுக்க இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துடிப்பு நூறுக்குக் கீழே இறங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். நரம்புக்கு வெளியே கசிந்தால் தோல் வெந்து புண்ணாகும், ஆகவே ஊசி இருக்கிற கையையும் பார்க்க வேண்டும். வேறு எந்த மருந்தோடும் குழாய்க்குள் சந்திக்கவிடக் கூடாது.

துடிப்பைப் பார்க்க ஸ்டிக்கர் வேண்டும். காலில் கட்டுகிற சிவப்பு லைட்டை நம்ப முடியாது, உதைக்கிற காலில் அது வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும். நெஞ்சில் ஒட்டினால் ஸ்டிக்கர் வழுக்குகிறது. துடைத்தோம், ஒட்டினோம், கழன்றது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, மறுபடி ஒட்டினோம். மூன்றாவது ஸ்டிக்கர் கழன்றபோது நான் தமிழில் ஏசியது தாதிக்கு விளங்கவில்லை, நல்லவேளை. ஒருவழியாக ஒட்டிக்கொண்டது. திரையில் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது, நூற்று ஐம்பதை ஒட்டித் துடிப்பு. அப்பாடா என்றிருந்தது.

மருந்தைத் தானாகத் தள்ளுகிற பம்ப்கள் எங்களிடம் இருந்தன. ஒன்று பழுது, மற்றவை வேறு பிள்ளைகளிடம் மாட்டியிருந்தன, கழற்ற முடியாது. ஆகவே கையால்தான். இதற்கு எங்கள் பெரிய டொக்டர் ஒரு முறை வைத்திருக்கிறார். தள்ளுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது, சிரிஞ்சையும் கடிகாரத்தையும் ஊசி இருக்கிற கையையும் மட்டும் பார்க்க வேண்டும். திரையைப் பார்க்கிறவர் வேறெதையும் தொடக் கூடாது, எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் ஒருத்தர் செய்யப்போனால் இரண்டும் கெடும் என்பது அவருடைய கணக்கு. எரிச்சலான மனிதர்தான், ஆனால் இதில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஊசி சரியாக நரம்புக்குள் இருக்கிறதா என்று கொஞ்சம் சேலைன் விட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பித்தேன். தாதி திரைக்கு முன்னால் நின்றாள். "நூத்தி நாப்பத்தெட்டு... நாப்பத்தஞ்சு... நாப்பத்தாறு..." அவளுடைய தமிழ் எண்கள் எனக்குப் பழக்கம். என் கட்டைவிரல் ஊர்ந்தது. வெளியே நோயாளிகளைப் பார்க்க வருகிற பகல் நேரம், கொரிடோரில் ஒரே சனம். யாரோ பார்சல் சோற்றை அவிழ்த்திருக்கிறார்கள், பொரித்த கருவாட்டு வாசம் உள்ளே வரைக்கும் வந்தது. பாதிக்குப் பக்கத்தில் பிள்ளையின் கால் உதைப்பது குறைய ஆரம்பித்தது. எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் தலைதூக்கியது.

அப்போதுதான் கதவு திறந்தது. பிள்ளையின் அத்தை, தகப்பனுடைய மூத்த சகோதரி. ஐம்பது வயதிருக்கும். கையில் நாங்கள் பால் எடுத்துவரக் கொடுக்கிற சின்னக் கப். தாய் எழும்பி வர முடியாதபோது, எடுத்த பாலைச் சொந்தக்காரப் பெண் ஒருத்தர் கொண்டுவந்து தருவது எங்கள் வழக்கம். ஆகவே வாசலில் யாரும் தடுக்கவில்லை. நானும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வைங்கம்மா, அந்த மேசையில வைங்க" என்றேன், சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேசையில் வைக்கிற சத்தம் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு முணுமுணுப்புத்தான் கேட்டது. பிள்ளை சூடு கொடுக்கிற திறந்த கட்டிலில் கிடந்தான், மூடி ஒன்றும் இல்லை. முணுமுணுப்பில் முதலில் ஒரு பெயர் வந்தது. பிறகு, "...பிதா..." என்றது. என் கையில் குளிராக ஒரு துளி பட்டது. "...சுதன்..." என்றது. பிள்ளையின் நெற்றியிலிருந்து கண், மூக்கு, வாய் எல்லாம் தண்ணீர் வழிந்தது.

"நூத்தி முப்பது" என்றாள் தாதி. அடுத்து, "நூத்திப் பத்து." அடுத்ததைத் தமிழில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. "பஹினவா டொக்டர், பஹினவா!" இறங்குகிறது, இறங்குகிறது என்று கத்தினாள். பிறகுதான் எண் வந்தது. "எண்பத்தெட்டு!"

கட்டைவிரலை எடுத்தேன். குழாயை அடைத்தேன். அத்தையின் கையைத் தட்டி, கப்பைப் பறித்து மேசையில் வைத்தேன். கிடைத்த துவாயால் பிள்ளையின் முகத்தைத் துடைத்தேன். மூச்சு இருந்தது. நிறம் மாறவில்லை. "எத்தன? எத்தன?" என்று தாதியைப் பார்த்துக் கத்தினேன். "தொண்ணூறு... தொண்ணூத்தி ஆறு... நூத்திப் பதினஞ்சு..." எண் ஏறி நூற்று முப்பதுக்கு மேல் போகிற வரைக்கும் நான் துவாயைக் கீழே வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. "என்னம்மா செஞ்சீங்க? என்ன தண்ணி இது? இவ்வளவு குளிரா இருக்கே!"

"தீர்த்தம் டொக்டர். கோயில் தீர்த்தம். கெட்டுப் போயிரக் கூடாதுன்னு வார்டு ஃப்ரிஜ்ஜில வச்சிருந்தேன்."

வார்டு ஃப்ரிஜ்ஜில்! தாய்ப்பால் வைக்கிற ஃப்ரிஜ்ஜில் தீர்த்தப் போத்தல்! பிறந்த பிள்ளையின் முகத்தில் சில்லென்று தண்ணீர் பட்டால், தண்ணீருக்குள் முங்கிவிட்டோம் என்று அதன் உடம்பு நினைத்துக்கொள்ளும், இதயத்தைத் தானாகவே மெதுவாக்கிவிடும். அதுவும் எப்போது? அதே இதயத்தை மெதுவாக்கக்கூடிய மருந்து ஏறிக்கொண்டிருக்கிறபோது. இறங்கியது தண்ணீராலா, கல்சியத்தாலா? துடைத்தவுடன் சட்டென்று ஏறியதைப் பார்த்தால் தண்ணீர்தான் என்று மனம் சொன்னது. ஆனால் அதே நேரத்தில் மருந்தையும் நிறுத்தியிருந்தேனே, பிறகு எதை நம்புவது? தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம் போலிருந்தது.

"இன்னும் ஒரு தரம் மட்டும் டொக்டர். மூணாவது தரம் ஊத்தல. பரிசுத்த ஆவி சொல்லல. அரகொறையா நிக்குது" என்று அத்தை கையைப் பிசைந்தார். கத்தோலிக்கர்களில் சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்காமல் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். அதற்காக இப்படியா?

"ஒரு சொட்டு இந்தப் பிள்ள மேல பட்டுச்சோ, ஒங்கள இந்த ஆஸ்பத்திரிக்குள்ளயே விட மாட்டேன். இவன் சாகப் போறான்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல டொக்டர். இவங்கம்மாதான் அனுப்பினா." அத்தையின் வாய் கோணியது. "மொதப் புள்ள பொறந்த அன்னைக்கே போயிருச்சு. சாமியார் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருந்தாரு. பேரும் இல்ல, ஞானஸ்நானமும் இல்ல. அப்பிடியே கொண்டு போய்ப் பொதச்சோம். இவன் வலிப்புன்னு தூக்கிட்டுப் போறத பாத்த ஒடனே, மதினி, இதையும் அப்பிடி அனுப்பிராதீங்கன்னு என் கையப் புடிச்சுக்கிட்டா. நான் என்ன செய்வேன் சொல்லுங்க?"

இப்படியான நேரத்தில் நான் இன்னும் கொஞ்சம் ஏசுவேன், அன்றைக்கும் ஏசினேன். "செவத்தோரமா நில்லுங்க. கைய பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க" என்றேன், ஏதோ வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல். அத்தை அப்படியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அதற்குள் பிள்ளையின் கால் மறுபடி உதைக்க ஆரம்பித்துவிட்டது. பாதி மருந்து சிரிஞ்சில் நிற்கிறது. கொடுக்காவிட்டால் வலிப்பு. கொடுத்தால், இறங்கியது கல்சியத்தால் என்றிருந்தால்? பெரிய டொக்டருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன், தீர்த்தத்தையும் சேர்த்து. துடிப்பு பழையபடி ஏறி நிலையாக இருக்கிறதா, திரையில் கோடு ஒழுங்காக இருக்கிறதா, கை வீங்கவில்லையா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மிச்சத்தைக் கொடு, ஆனால் முன்னைவிட மெதுவாக, இறங்கினால் அத்தோடு விட்டுவிடு என்றார்.

நனைந்த ஸ்டிக்கர் ஒன்று கழன்று தொங்கியது. அதை மாற்றி ஒட்டினோம். கையில் ஊசி இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன், மெத்தென்றே இருந்தது, வெளுக்கவில்லை. மறுபடி கட்டைவிரலை வைத்தேன். "நூத்தி நாப்பது" என்றாள் தாதி. "நாப்பது... முப்பத்தெட்டு... நாப்பத்திரெண்டு..." சுவரோரம் நின்ற அத்தை எண்ணைக் கேட்கக் கேட்க உதட்டை அசைத்தார். செபமா, அவரும் எண்ணிக்கொண்டிருந்தாரா தெரியவில்லை. "முப்பத்தேழு" என்றபோது மட்டும் என் விரல் தானாக நின்றது. அடுத்தது நாற்பது என்றதும் மறுபடி நகர்ந்தது.

முடிவதற்குக் கொஞ்சம் முந்தியே கால் ஓய்ந்துவிட்டது. கண் நேரானது. சிரிஞ்ச் காலியானபோது பிள்ளை வாயைச் சப்புக்கொட்டி, முகத்தைச் சுளித்து, பெரிய மனுஷன் மாதிரி ஒரு கொட்டாவி விட்டான். எங்களை இந்தப் பாடு படுத்திவிட்டு இவனுக்குக் கொட்டாவி! தாதி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கழுத்து நரம்பு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதற்கு ட்ரிப்பில் கல்சியம் எழுதினேன், எங்கிருந்தோ ஒரு பம்ப்பை இரவல் வாங்கினோம். இப்படிச் சீனி உள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்கு மக்னீசியமும் குறைந்திருக்கும், அது குறைந்திருந்தால் கல்சியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது. அதற்கும் இரத்தம் எடுத்து அனுப்பினோம்.

அத்தை இன்னும் சுவரோரம்தான் நின்றார். நான் போகச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சொல்லலாமா, வெதுவெதுப்பான தண்ணீரில், உச்சந்தலையில் மட்டும் படுகிற மாதிரி ஊற்றி முடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கதவு மறுபடி திறந்தது.

தாய். சக்கரக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். சிசேரியன் காயத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அழுது முடித்த முகம். பிள்ளையைப் பார்க்கவில்லை. நேராக அத்தையைப் பார்த்தாள்.

"குடுத்தாச்சா மதினி?"

"பாதிதான் புள்ள. டொக்டர் தடுத்துட்டாங்க."

நான் வாயைத் திறந்தேன். தண்ணீர், இதயம், ஃப்ரிஜ் எல்லாம் வரிசையாக நாக்கில் நின்றன. அவள் என் பக்கம் திரும்பினாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"டொக்டர், இனி அது வேணுமா வேணாமா?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சாமியார் இல்லாமல் அவசரத்துக்குக் கொடுக்கிற ஞானஸ்நானம் இனித் தேவையா என்று கேட்கிறாள். பிள்ளை பிழைக்குமா என்று எத்தனையோ தாய்மார் கேட்டிருக்கிறார்கள். பார்ப்போம் என்பேன், இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்பேன், ரிப்போர்ட் வரட்டும் என்பேன். எல்லாம் பழகிய பதில்கள். இந்தக் கேள்விக்கு அதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பார்ப்போம் என்றால் அவள் இப்போதே மிச்சத்தை ஊற்றச் சொல்லுவாள். ஊற்றினால் இந்தப் பிள்ளையும் போகப்போகிறது என்றுதான் அவள் நினைப்பாள், நினைத்துக்கொண்டே பால் கொடுப்பாள்.

திரையைப் பார்த்தேன். நூற்று நாற்பது. சீனித் தாயின் பிள்ளைகளுக்கு இந்தக் கல்சியக் குறைவு பெரும்பாலும் சில நாளில் தானாகச் சரியாகும். அது படித்தது. பார்த்தும் இருக்கிறேன். பெரும்பாலும் என்ற சொல்லும் வாய்வரை வந்தது. அதை விழுங்கினேன்.

"வேணாம்மா" என்றேன். "கோயிலுக்கே தூக்கிட்டுப் போய்க் குடுங்க. நல்ல சட்டை போட்டு, சாமியார் கையால."

"நீங்க சொல்றீங்களா?"

"நாந்தான் சொல்றேன்."

அவள் அத்தைப் பக்கம் திரும்பினாள். "மதினி, அந்தத் தண்ணிய வெளிய செடிக்கு ஊத்திடுங்க" என்றாள். கையை நீட்டி, அறைக்குள் வந்த பிறகு முதல் தடவையாகப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள்.

மக்னீசியமும் குறைவாகத்தான் வந்தது, அதற்கும் மருந்து கொடுத்தோம், வலிப்பு திரும்பவில்லை, நாலைந்து நாளில் ட்ரிப்பைக் கழற்றித் தாயோடு அனுப்பினோம். அதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரம் எனக்கு ஒன்றும் தெரியாது. யன்னலுக்கு வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. அத்தை தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, மேசையில் இருந்த கப்பையும் வார்டிலிருந்து எடுத்துவந்த போத்தலையும் செடியடிக்குக் கொண்டுபோவது தெரிந்தது. முதலில் கப்பைக் கவிழ்த்தார். பிறகு போத்தல் மூடியைத் திருகினார்.

நான் கத்தோலிக்கப் பெண் இல்லை. தீர்த்தத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் போத்தல் சரிந்தபோது, "கொஞ்சம் மிச்சம் வைங்கம்மா" என்று கத்துவதற்கு என் கை யன்னலைத் தட்டப் போய்விட்டது.